பத்து டிகிரி திரும்பச் சொன்னால்

ஒரு சிறிய மோட்டார். அதன் தண்டில் ஒரு கை. பொறியியல் கல்லூரிகளின் கன்ட்ரோல் லேபில் இதை ஏதோ ஓர் உருவில் பார்க்காமல் யாரும் வெளியே வருவதில்லை. கை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை என்கோடர் சொல்கிறது. எங்கே நிற்க வேண்டும் என்பதை நாம் சொல்கிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை. அந்தப் பிழையின் அளவுக்கேற்ப மோட்டாருக்கு மின்னழுத்தம் கொடுப்பது கன்ட்ரோலரின் வேலை. பிழை பெரிதென்றால் அதிக வோல்ட், சிறிதென்றால் குறைந்த வோல்ட்.

இப்போது சும்மா நிற்கும் கைக்குத் திடீரென்று ஓர் உத்தரவு போடுகிறோம்: பத்து டிகிரி திரும்பு. உத்தரவை வரைபடமாகப் போட்டால் ஒரு படிக்கட்டின் ஒற்றைப் படிபோல இருக்கும். தரையில் போய்க்கொண்டிருந்த கோடு செங்குத்தாக ஏறி, மேலே சமமாகப் போகும். கையால் அப்படித் தாவ முடியாது. அது கிளம்புகிறது, வேகம் பிடிக்கிறது, பத்து டிகிரியைத் தாண்டிப் போகிறது, திரும்பி வருகிறது, கொஞ்சம் தள்ளாடி நிற்கிறது. அந்தப் பயணத்தை நேரத்துக்கு எதிராக வரைந்த கோட்டைத்தான் ஸ்டெப் ரெஸ்பான்ஸ் என்கிறார்கள்.

அந்த ஒரு கோட்டிலிருந்து நான்கு எண்களை எடுப்பது வழக்கம். எடுப்பது எளிது, அரை மணி நேரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். எந்த எண் கெட்டிருந்தால் எந்தத் திருகைத் தொட வேண்டும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாகக் கெயினைக் கூட்டிப் பார்ப்பது இந்தத் துறையில் மிகப் பழைய பழக்கம். அது எங்கே உதவும், எங்கே கொஞ்சமும் உதவாது என்பதை இந்த மோட்டாரை வைத்தே பார்த்துவிடலாம்.

மோட்டாரின் குணங்களாக இரண்டு எண்கள் போதும். ஒரு வோல்ட் கொடுத்தால் அது கடைசியில் வினாடிக்கு 30 டிகிரி வேகத்தில் சுழலும். 12 வோல்ட் மோட்டார் என்பதால் அதிகபட்சம் வினாடிக்கு 360 டிகிரி, அதாவது ஒரு முழுச் சுற்று. இரண்டாவது எண் அதன் மந்தம். ஓடும் மோட்டாருக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைச் சுழியாக்கினால், 0.1 வினாடியில் அதன் வேகம் ஏறக்குறைய 37 சதவீதமாகக் குறைந்திருக்கும். இந்த 0.1 வினாடியை மறக்க வேண்டாம். கதையின் பாதி இதில்தான் இருக்கிறது.

முதலில் கெயினைக் குறைவாக வைப்போம்: ஒவ்வொரு டிகிரி பிழைக்கும் ஆறில் ஒரு பங்கு வோல்ட். பத்து டிகிரி உத்தரவு வந்ததும் மோட்டாருக்குக் கிடைப்பது 1.7 வோல்ட்தான். கை நிதானமாகக் கிளம்புகிறது.

கோட்டைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வலது ஓரம். கை கடைசியில் எங்கே போய் நின்றது? மற்ற மூன்று எண்களும் அந்தக் கடைசி மதிப்பை வைத்தே அளக்கப்படுகின்றன. அது பிசகினால் மூன்றும் பிசகும். கோடு இன்னும் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும்போதே பதிவை நிறுத்திவிட்டு, அதையே கடைசி மதிப்பு என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிற தவறு. நம் கை சரியாக 10 டிகிரியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

பிறகு ஏறும் நேரம். மாணவர்கள் ரைஸ் டைம் என்பார்கள். கை 1 டிகிரியைக் கடந்த கணத்திலிருந்து 9 டிகிரியைக் கடந்த கணம் வரை, அதாவது பயணத்தின் 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை ஆன நேரம் அது. தொடக்கமும் முடிவும் மழுங்கலாக இருப்பதால் அந்த இரண்டு ஓரங்களையும் வெட்டிவிடுகிறார்கள். நம் கைக்கு அது 0.30 வினாடி. அடுத்தது ஓவர்ஷூட், அதாவது இலக்கைத் தாண்டிப் போன தூரம். கை 10.43 டிகிரி வரை போய்த் திரும்புகிறது, மீறல் 4.3 சதவீதம். கடைசியாக அடங்கும் நேரம், செட்லிங் டைம். இலக்கைச் சுற்றி மேலும் கீழும் 2 சதவீதம் அகலத்துக்கு ஒரு பட்டை வரைய வேண்டும். இங்கே அது 9.8 முதல் 10.2 டிகிரி வரை. கோடு அந்தப் பட்டைக்குள் முதன்முதலாக நுழையும் நேரம் கணக்கில்லை. கடைசியாக நுழைந்து, அதன்பின் வெளியே போகாமல் இருக்கும் நேரம்தான் கணக்கு. நம் கைக்கு 0.84 வினாடி.

0.30 வினாடி ஏற்றம் மந்தமாகத் தெரிகிறது. கெயினை நான்கு மடங்காக்குவோம்: டிகிரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வோல்ட். பத்து டிகிரி பிழைக்கு இப்போது 6.7 வோல்ட் போகிறது. கை பாய்கிறது. ஏறும் நேரம் 0.09 வினாடியாகச் சுருங்குகிறது. ஆனால் பாய்ந்த கை 13 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. மீறல் 30 சதவீதம். பிறகு 9 டிகிரிக்குச் சற்று மேல் வரை இறங்கி, மறுபடி 10.3க்கு ஏறி, ஆடி ஆடி நிற்கிறது.

இதுவரை யாரும் எதிர்பார்ப்பதுதான். வேகம் கூடினால் தாண்டுதலும் கூடும். இப்போது அடங்கும் நேரத்தைப் பாருங்கள்: 0.77 வினாடி. கெயின் நான்கு மடங்கு, ஏற்றம் மூன்று மடங்குக்கும் மேல் வேகம். ஆனால் கை அடங்கி நிற்க ஆகும் நேரம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. கெயினை இன்னும் கூட்டினாலும் அது இந்த 0.8 வினாடிச் சுற்றுவட்டாரத்தை விட்டு நகராது.

காரணம் ஆற்றலில் இருக்கிறது. கன்ட்ரோலர் இங்கே ஒரு சுருள்வில் போல நடந்துகொள்கிறது; இலக்கிலிருந்து எவ்வளவு விலகினாலும் அவ்வளவு விசையோடு இழுக்கிறது. வில் ஆற்றலை விழுங்காது, வாங்கித் திருப்பிக் கொடுக்கும். ஆற்றலை விழுங்குவது மோட்டாரின் உள் இழுவை மட்டுமே, அந்த 0.1 வினாடிக் குணம். அதுவும் கை ஓடும்போதுதான் விழுங்கும், நிற்கும்போது விழுங்காது. ஆடும் கையின் ஆற்றல் பாதி நேரம் வேகமாகவும் பாதி நேரம் வில்லின் இழுப்பாகவும் இருப்பதால், தேய்மானம் பாதியாகிறது. ஆகவே ஆட்டம் 0.1 வினாடிக்குப் பதில் 0.2 வினாடிக்கு ஒருமுறை 37 சதவீதமாகச் சுருங்குகிறது. இப்படி நான்கு முறை சுருங்கினால் மிஞ்சுவது 2 சதவீதத்துக்கும் கீழே. நான்கு தடவை 0.2 என்றால் 0.8 வினாடி. கெயின் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. வில்லை எவ்வளவு விறைப்பாக்கினாலும் ஆட்டம் வேகவேகமாக நடக்குமே தவிர, சீக்கிரம் ஓயாது.

அதனால் அடங்கும் நேரம் மோசமாக இருக்கும் வரைபடத்தைக் காட்டி “கெயினைக் கூட்டு” என்று சொல்பவரிடம், ஆட்டத்தின் உச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டு ஒரு சரிவுக்கோடு வரையச் சொல்லுங்கள். இரண்டு கெயின்களிலும் அந்தச் சரிவு ஒரே வேகத்தில் இறங்குவது கண்ணிலேயே தெரிந்துவிடும்.

அப்படியென்றால் தொட வேண்டிய திருகு எது? ஆற்றலை விழுங்கும் வேறொரு வழியை நாமே உண்டாக்க வேண்டும். வங்கிகளின் கண்ணாடிக் கதவுக்கு மேலே ஓர் எண்ணெய்க் குழல் இருக்கும். கதவைத் தள்ளிவிட்டுப் போனாலும் அது படாரென்று அடிக்காமல் மெதுவாக வந்து மூடும். வில் கதவை இழுக்கிறது, எண்ணெய் அதன் வேகத்தை எதிர்க்கிறது. நம் கன்ட்ரோலரில் வில் மட்டும் இருக்கிறது, எண்ணெய் இல்லை. அதைச் சேர்ப்பது எளிது: கையின் வேகத்தை அளந்து, வேகத்துக்கேற்ப மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும். வினாடிக்கு 30 டிகிரி வேகத்துக்கு ஒரு வோல்ட் என்று குறைப்போம். மோட்டாரின் இயல்பான இழுவைக்குச் சமமாக இன்னொரு இழுவை வந்து சேர்ந்துகொள்கிறது.

பழைய உயர்ந்த கெயினை அப்படியே வைத்துக்கொண்டு மறுபடி அளந்தால், ஏறும் நேரம் 0.15 வினாடி, மீறல் மறுபடி 4.3 சதவீதம், அடங்கும் நேரம் 0.42 வினாடி. இப்போதுதான் அது பாதியாகிறது. ஏற்றத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மற்ற இரண்டையும் வாங்கியிருக்கிறோம். நல்ல வியாபாரம் என்றே சொல்வேன்.

இதற்கும் விலை உண்டு. வேகத்தை நேரடியாக அளக்கும் கருவி இல்லாதபோது, என்கோடர் சொல்லும் கோணங்களின் வித்தியாசத்திலிருந்துதான் அதைக் கணக்கிட வேண்டும். என்கோடர் 0.1 டிகிரி வரை பிரித்துக் காட்டுகிறது, 5 மில்லி வினாடிக்கு ஒருமுறை படிக்கிறோம் என்றால், ஒரு எண்ணிக்கை மாறினாலே வேகம் வினாடிக்கு 20 டிகிரி தாவியதுபோலக் கணக்கு காட்டும். உடனே 0.67 வோல்ட் மேலும் கீழும் குதிக்கும். மோட்டார் கிர்ரென்று இரையும். இரைச்சலைக் குறைக்க வடிகட்டி போட்டால், வடிகட்டி தாமதத்தைக் கொண்டுவரும். தாமதம் இழுவையைத் தின்னும். போன மீறல் திரும்பி வந்து நிற்கும்.

மீறலைப் படிக்கும்போது இந்தத் தாமதம்தான் மனதில் இருக்க வேண்டும். நம் கணக்கில் கெயினை எவ்வளவு கூட்டினாலும் கை கடைசியில் அடங்கிவிடும். உண்மையான மோட்டாரில் அப்படி நடக்காது. கெயினைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கை நிற்காமல் ஆடத் தொடங்கும். கணக்கில் வராத தாமதங்கள் பல: கணினி படித்து, கணக்கிட்டு, பதில் சொல்ல எடுக்கும் நேரம், வடிகட்டி, பல்சக்கரத்தின் இடைவெளி. கணக்கு 30 சதவீதம் என்று சொல்ல, அளவு 45 சதவீதம் காட்டினால் கெயினைத் தொடுவதற்கு முன் தாமதத்தைத் தேடுங்கள். உத்தரவு போன கணத்தில் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால், கை அசையாமல் கிடக்கும் ஒரு தட்டையான துண்டு சில நேரம் அங்கேயே அகப்பட்டுவிடும்.

எவ்வளவு மீறலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது வேலையைப் பொறுத்தது. ஜீக்லரும் நிக்கல்ஸும் 1942இல் வெளியிட்ட புகழ்பெற்ற விதிகளின்படி கன்ட்ரோலரை அமைத்தால், ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதில் ஏறக்குறைய கால் பங்காகும். நம் மோட்டார் போன்ற அமைப்பில் ஆட்டம் அப்படிக் குறைகிறதென்றால், படி உத்தரவுக்கு மீறல் 50 சதவீதத்தைத் தொடும். அவர்கள் மனதில் இருந்தவை ஆலைகளின் வெப்பமும் அழுத்தமும். அங்கே இலக்கு அடிக்கடி மாறாது. வெளியிலிருந்து வரும் தொந்தரவைச் சீக்கிரம் சமாளிப்பதே முக்கியம். அந்த விதியை அப்படியே சிஎன்சி இயந்திரத்தில் வைத்தால், இலக்கைத் தாண்டும் வெட்டுளி உலோகத்தை வெட்டித் தள்ளிவிடும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அங்கே மீறல் சுழியாக இருக்க வேண்டும், ஏற்றம் மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை. கணினியின் ஹார்ட் டிஸ்கில் தலைமுனை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கணக்கில் வருவது அடங்கும் நேரம். தடத்தை எட்டியும் ஆடிக்கொண்டிருந்தால் எழுத முடியாது.

நான்காவது எண்ணுக்கு வருவோம், நிலைப்பிழை. எல்லா ஆட்டமும் ஓய்ந்த பிறகும் இலக்குக்கும் கைக்கும் இடையே மிஞ்சும் வித்தியாசம். இதுவரை அது சுழி என்று வைத்திருந்தோம். அதற்கு நியாயம் உண்டு: சிறு பிழை இருந்தாலும் சிறு மின்னழுத்தம் போகும், மோட்டார் மெல்லவாவது நகரும், பிழை தீரும்வரை நகர்ந்துகொண்டே இருக்கும்.

இப்போது கையைத் தரைக்கு இணையாக நீட்டி, நுனியில் ஒரு சிறு எடையைத் தொங்கவிடுவோம். எடை கீழே இழுக்கிறது. கையை அப்படியே தாங்கிப் பிடிக்க மோட்டாருக்கு எப்போதும் 0.3 வோல்ட் வேண்டும் என்று கொள்வோம். அந்த 0.3 வோல்ட் எங்கிருந்து வரும்? நம் கன்ட்ரோலர் பிழை இருந்தால்தான் மின்னழுத்தம் தரும். ஆகவே கை கொஞ்சம் தொய்ந்து, தேவையான அளவு பிழையை உண்டாக்கிக்கொண்டு நிற்கிறது. குறைந்த கெயினில் 0.3 வோல்ட்டுக்கு 1.8 டிகிரி தொய்வு வேண்டும். நான்கு மடங்கு கெயினில் 0.45 டிகிரி போதும்.

இங்கே கெயின் உண்மையிலேயே உதவுகிறது. நாம் சேர்த்த எண்ணெய்தான் இங்கே பயனற்றது. நின்றுவிட்ட கைக்கு வேகம் இல்லை, வேகத்தைப் பார்த்து வேலை செய்யும் பகுதிக்குச் சொல்ல எதுவும் இல்லை. அடங்கும் நேரத்துக்குக் கெயின் எப்படியோ, நிலைப்பிழைக்கு வேக எதிர்ப்பு அப்படி.

தொய்வை முழுதும் ஒழிக்கப் பிழையைத் தொடர்ந்து கூட்டிச் சேர்த்துவைக்கும் மூன்றாவது பகுதி வேண்டும். கணக்குப் பாடத்தின் தொகையீடுதான் அது. பிஐடி என்ற பெயரில் ‘ஐ’ இதைத்தான் குறிக்கிறது. தொய்வு இருக்கும்வரை அதன் கணக்கு ஏறிக்கொண்டே போகும். ஏறி ஏறி 0.3 வோல்ட்டைத் தானே சுமக்கத் தொடங்கியதும் பிழை சுழியாகிவிடும். பயந்துபோய் அதிகமாகச் சேர்த்துவிட்டால் கோட்டில் அடையாளம் தெரியும்: ஆடி அடங்கும் கூர்மையான மேடு இருந்த இடத்தில், இலக்குக்கு மேலே போய் நெடுநேரம் கிடந்து சோம்பலாக இறங்கும் ஒரு பருத்த மேடு. அதைப் பார்த்தால் வேக எதிர்ப்பைக் கூட்டிப் பயனில்லை, சேமிப்பைத்தான் குறைக்க வேண்டும்.

இந்த எண்கள் எல்லாமே பத்து டிகிரிப் படிக்கு உரியவை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே கன்ட்ரோலருக்கு 90 டிகிரி உத்தரவு கொடுத்தால் கணக்குப்படி 60 வோல்ட் வேண்டும். இருப்பது 12. கன்ட்ரோலர் கத்துகிறது, மோட்டார் தன்னால் முடிந்ததைத்தான் செய்கிறது. 9 டிகிரியிலிருந்து 81 டிகிரிக்கு, வினாடிக்கு 360 டிகிரி வேகத்தில் போனாலும் 0.2 வினாடி ஆகும். எந்தக் கெயினும் ஏறும் நேரத்தை அதற்குக் கீழே கொண்டுவராது. கோட்டின் ஏற்றம் வளைவாக இல்லாமல் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல நேராக இருந்தால் மோட்டார் முட்டிவிட்டது என்று பொருள். அப்போது ஏறும் நேரம் சொல்வது கன்ட்ரோலரைப் பற்றியல்ல, மோட்டாரைப் பற்றி. வேகம் வேண்டுமென்றால் பெரிய மோட்டார் வாங்க வேண்டும். 5 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் இரண்டு பதிவுகள் எடுத்து, முதலாவதை இரண்டு மடங்காக்கி இரண்டாவதன்மேல் வைத்துப் பார்த்தால் இது விளங்கிவிடும். பொருந்தினால் எண்களை நம்பலாம்.

பதிவின் தரமும் கவனிக்கத்தக்கது. நம் 2 சதவீதப் பட்டையின் விளிம்பு இலக்கிலிருந்து 0.2 டிகிரிதான் தள்ளி இருக்கிறது. சுற்றுக்கு 360 எண்ணிக்கை கொண்ட என்கோடர் ஒரு டிகிரிக்குக் கீழே எதையும் பார்க்காது. அதை வைத்து அடங்கும் நேரம் சொல்வது ஊகம். ஏறும் நேரம் 0.09 வினாடி என்றால், அதற்குள் பத்துப் புள்ளிகளாவது விழும்படி 9 மில்லி வினாடிக்கு ஒருமுறை பதிய வேண்டும்.

கடைசியாக, கருவி வாங்குபவர்களுக்கும் ப்ராஜெக்ட் அறிக்கை எழுதுபவர்களுக்கும் ஒன்று. பட்டையை 2 சதவீதமாக வைப்பவர்கள் உண்டு, 5 சதவீதமாக வைப்பவர்களும் உண்டு. வேக எதிர்ப்புச் சேர்த்த நம் கைக்கு 2 சதவீதப் பட்டையில் அடங்கும் நேரம் 0.42 வினாடி. 5 சதவீதப் பட்டையில் 4.3 சதவீத மீறல் பட்டைக்குள்ளேயே அடங்கிவிடுவதால் அது 0.21 வினாடி. அதே கை, அதே கோடு, எண் பாதி. ஆகவே அடங்கும் நேரத்தை எழுதும்போது பட்டையின் அகலத்தையும் படியின் உயரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அவை எழுதப்படாத இடத்தில் கேட்டு வாங்குங்கள்.